மூன்று வருஷத்தில் நான்கு ரம்ஜான்

புதுக் கூலிப் பட்டியலில் பட்டைக் கொட்டகை இல்லை என்பது ஜெயம்மாளுக்கு ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தெரியவந்தது. சொன்னவன் சம்பத். அவன் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்பவன், சங்கத்தின் காரியதரிசி. சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவன்.

"அக்கா, மூணு தரம் போட்டுகீறாங்க. கொட்டகை அதுல வர்ல."

ஜெயம்மாள் கையிலிருந்த பட்டை இடிக்கும் மரக் கொட்டாப்புளியைக் கீழே வைத்தாள்.

"வர்லன்னா? அப்புறமா வருமா?"

"மூணு வருஷம் கழிச்சி."

ஆம்பூரில் பாலாற்றை ஒட்டி இருந்தது வாஹித் பாஷாவின் டேனரி. அங்கே நூற்றிருபது ஆண்கள் தோலில் வேலை செய்தார்கள். இருபத்து நான்கு பெண்கள் பட்டையில் வேலை செய்தார்கள். வண்டி வண்டியாக வந்து இறங்கும் ஆவாரம்பட்டையை இடித்துத் தூளாக்குவது அவர்கள் வேலை. அந்தத் தூள் ஊறிய தண்ணீரில் கிடந்தால்தான் தோல் தோலாகும். ஆண்களுக்கு மாதச் சம்பளம் முதலாளியின் ஆபீசிலிருந்து வந்தது. பெண்களுக்கு நாள் கூலி மேஸ்திரி கையிலிருந்து வந்தது. மூன்று அணா. ஜெயம்மாள் ஏழு வருஷமாக அதே மூன்று அணாவுக்குத்தான் வந்துகொண்டிருந்தாள். சேர்ந்த புதிதில் விரலில் கொப்புளம் வந்தது. இப்போது வருவதில்லை. மாறியது அது ஒன்றுதான்.

அது 1937ஆம் வருஷம், நவம்பர் மாதம். வெயில் காலத்தில் ஆண்கள் ஒன்பது நாள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் முதலாளி சங்கத்தோடு உட்கார்ந்து பேச ஒப்புக்கொண்டார். அந்த ஒன்பது நாளும் பெண்களும் வேலைக்குப் போகவில்லை. சங்கத்தில் அவர்கள் உறுப்பினர் இல்லை, சந்தா கட்டியதில்லை. ஆனாலும் இடித்த பட்டை குழிக்குப் போனால் ஆண்கள் நின்றதற்கு அர்த்தம் இல்லாமல் போகும் என்று வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். அதனால் சங்கம் எழுதிக் கொடுத்த பதினோரு கோரிக்கைகளில் ஒன்பதாவதாகப் பட்டைக் கொட்டகையும் இருந்தது. பேச்சு நடக்க நடக்க மேலே இருந்தவை ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஒன்பதாவது மட்டும் அப்படியே கிடந்தது.

"இன்னா எழுதியிருக்கு, முழுசா சொல்லு" என்றாள் ஜெயம்மாள்.

சம்பத் சொன்னான். தோலில் ஒட்டிய சதை சீவுகிறவர்கள் முதல் தரம், இப்போது பதினாறு ரூபாய். சுண்ணாம்புக் குழியும் பட்டைக் குழியும் பார்ப்பவர்கள் இரண்டாம் தரம், பன்னிரண்டு. தோல் தூக்குகிறவர்கள், அலசுகிறவர்கள் மூன்றாம் தரம், எட்டு. டிசம்பர் முதல் தேதி எல்லோருக்கும் ஒரு ரூபாய் ஏறும். அடுத்த டிசம்பரில் எட்டணா. அதற்கடுத்த டிசம்பரில் இன்னொரு எட்டணா. 1940 நவம்பர் முடிய ஒப்பந்தம் நடப்பில் இருக்கும். அதுவரை முதலாளி யார் கூலியையும் குறைக்கக்கூடாது. சங்கமும் டேனரியில் யார் கூலியைப் பற்றியும் புதிதாக எதையும் கேட்கக்கூடாது, வேலையை நிறுத்தவும் கூடாது.

"யார் கூலியைப் பத்தியும்னா எங்களதும் சேத்தியா?"

"சேத்திதான்க்கா. அதான் பேஜாரு. ஏறுறதுக்கு நீங்க உள்ளார இல்ல. வாய மூடுறதுக்கு மட்டும் உள்ளார கீறீங்க."

"முதலாளி இன்னா சொல்றாரு?"

"அவரு பெரிய மவன் முக்தார் சாஹிப்தான் பேசுறாரு. லண்டன்ல தோல் விலை எறங்கிப் போச்சாம். மூணு வருஷத்துக்கு ஆகுற செலவு இவ்ளோதான், அதுக்கு மேல ஒரு பைசா இல்லன்றாரு. இதுல ரம்ஜான் இனாமையும் சம்பளத்தோட சேத்துட்டாங்க. இனிமே தனியா இனாம் கெடையாது."

அந்த டேனரியில் ரம்ஜான் பண்டிகைக்கு ஆண்களுக்கு அரை மாதச் சம்பளம் இனாமாகக் கொடுப்பது பழைய வழக்கம். துலுக்கர், இந்து என்ற வித்தியாசம் இல்லாமல் எல்லோருக்கும் உண்டு. பெண்களுக்கு இனாம் இல்லை, ஆளுக்கு ஒரு புடவை. அதை மேஸ்திரி சுந்தரமூர்த்தி திருப்பத்தூர்ச் சந்தையில் மொத்தமாக வாங்கி வருவார். இருபத்து நான்கும் ஒரே நிறமாக இருக்கும். ரம்ஜானுக்கு மறுநாள் கொட்டகைக்குள் யார் யார் என்று முதுகைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

சம்பத் போன பிறகு ஜெயம்மாள் பெண்களைக் கூட்டிச் சொன்னாள். வஹீதா மட்டும் கேட்டாள்:

"பொடவையாவது உண்டா, அதுவும் போச்சா?"

"பொடவை கெடைக்கும். நாமதான் பட்டியல்ல இல்லியே. பட்டியல்ல இருக்கறவங்களுக்குத்தான் இனாம் போச்சி."

"அப்ப மூணு பொடவை கட்டிக் கிழிச்சா திரும்ப நம்ம பேச்சு வரும்" என்றாள் ஒருத்தி. இரண்டு பேர் சிரித்தார்கள்.

"மூணு இல்லடி, நாலு" என்றாள் வஹீதா.

வஹீதா கொட்டகையில் இருந்த ஒரே துலுக்கப் பெண். நோன்போடுதான் பட்டை இடித்துக்கொண்டிருந்தாள். தூள் தொண்டைக்குள் போகாமல் இருக்க முந்தானையால் வாயைக் கட்டியிருந்தாள். பேசும்போது அதைக் கொஞ்சம் கீழே இறக்குவாள்.

"மூணு வருஷத்துக்கு நாலு பொடவையா? எந்த ஊரு கணக்கு அது? சுந்தரமூர்த்தி அவ்ளோ நல்லவனா ஆய்ட்டானா?" என்றாள் மூன்று என்று சொன்னவள்.

"அவன் நல்லவனாவறதுக்கு இல்ல. பெருநாள் வருஷா வருஷம் பத்துப் பதினோரு நாள் முன்னாடி வந்துரும். இந்த வருஷம் டிசம்பர் அஞ்சுவாக்குல. அது ஒண்ணு. அடுத்த வருஷம் நவம்பர் கடேசி வாரம். அதுக்கடுத்தது நவம்பர் நடுவுல. அதுக்கடுத்தது நவம்பர் பொறந்ததுமே வந்துரும். உங்க கெடு எப்ப முடியுது?"

"நவம்பர் கடைசி" என்றாள் ஜெயம்மாள்.

"அப்ப நாலுதான்."

ஜெயம்மாள் விரல்களை மடக்கிப் பார்த்தாள். மறுபடியும் மடக்கினாள். நான்கு வந்தது.

புடவை நான்கு என்றால் இனாமும் நான்கு. அவள் கொட்டாப்புளியை எடுக்கவில்லை.

அன்று சாயந்திரம் வேலை விட்டதும் சங்கத்து அறைக்குப் போனாள். ஒரு சைக்கிள் கடைக்குப் பின்னால் இருந்த சின்ன அறை அது. சம்பத்தும் நயீம் அகமதுவும் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். நயீம் அகமது சதை சீவுகிறவர், நாற்பது வயதிருக்கும். முதலாளியோடு பேசப் போகிற மூன்று பேரில் ஒருவர். நோன்பு திறக்க ஒரு பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு பாங்கு சத்தத்துக்குக் காத்திருந்தார்.

ஜெயம்மாள் வாசலிலேயே நின்றாள்.

"நயீம் பாய், ஒண்ணு கேக்கட்டா? இனாமைச் சம்பளத்துல சேத்தாங்களே, எத்தினி இனாம் சேத்தாங்க?"

"மூணு. வருஷத்துக்கு ஒண்ணு. ஆளுக்குச் சராசரி ஆறு ரூபா, பன்னெண்டு மாசத்துக்குப் பிரிச்சா மாசம் எட்டணா. அந்த ஒரு ரூபா ஏத்தத்துல எட்டணா அதுதான். ஏன்?"

"கெடுவுக்குள்ள நாலு ரம்ஜான் வருதுன்றா வஹீதா."

நயீம் அகமது சிரிக்கப் போனார். பிறகு சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியைப் பார்த்தார். அது இந்த வருஷத்தோடு முடிந்துவிடுகிற நாட்காட்டி; உதவாது. அவர் உதடுகள் மட்டும் அசைந்தன. முப்பது வருஷமாக நோன்பு பிடிக்கிற மனிதர் அவர். ஒவ்வொரு வருஷமும் பெருநாள் முன்னால் நகர்வது அவருக்குத் தெரியாத விஷயமா? ஆனால் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து பேசும்போது வருஷம் என்றால் ஜனவரி, டிசம்பர் என்றுதான் மனம் ஓடியிருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருந்த முக்தார் சாஹிபுக்கும் அப்படியே.

"தௌபா" என்றார் மெதுவாக. "தினம் நோன்போட போய் ஒக்காந்தும் எனக்குத் தோணலியே. இந்தம்மா பொடவைய எண்ணிச் சொல்லுது."

சம்பத் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். நூற்றிருபது பேருக்கு ஒரு ரம்ஜான் இனாம் எழுநூற்றிருபது ரூபாய். அவ்வளவும் கணக்கில் சேராமல் முதலாளி பக்கமே நின்றுபோயிருந்தது.

"பொறு" என்றார் நயீம். "அவரு ஒண்ணு சொல்வாரு. ஒப்பந்தம் முடிஞ்சப்புறமும் அந்த எட்டணா சம்பளத்துல இருந்துனே இருக்கும், நாலாவது அதுல கழிஞ்சிரும்பாரு."

சம்பத் யோசித்தான். "நாலாவதப் பத்திப் பேசவே வேணாம் பாய். மொதல்ல வர்றதப் பேசுவோம். டிசம்பர் அஞ்சாந்தேதி வர்ற பெருநாளு. அந்த இனாம் எந்த உழைப்புக்கு? போன ரம்ஜான்லருந்து இந்த ரம்ஜான் வரைக்கும் உழைச்சதுக்கு. அதுல பதினோரு மாசத்துக்கு மேல பழைய கூலியிலேயே உழைச்சி முடிச்சாச்சி. ஒப்பந்தம் ஆரம்பிச்சி நாலு நாள் கழிச்சி வருதுன்றதுக்காக அதப் புதுக் கணக்குல எப்படிச் சேக்கலாம்?"

"இது சரி" என்றார் நயீம். "இதுக்கு அவரால பதில் சொல்ல முடியாது."

பாங்கு கேட்டது. அவர் பழத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

ஜெயம்மாள் அப்போதுதான் தான் வந்த காரியத்தைச் சொன்னாள்.

"அந்தப் பணத்துல கொட்டகைய உள்ளார கொண்டாற முடியுமா?"

சம்பத் மறுபடியும் காகிதத்தை எடுத்தான். இருபத்து நான்கு பேர், மாதம் இருபத்தாறு நாள், மூன்று வருஷம். முதல் வருஷம் நாளுக்குக் காலணா ஏற்றினால் நூற்றுப் பதினேழு ரூபாய் ஆகும். இரண்டாம் வருஷம் இன்னொரு காலணா ஏறினால் அந்த வருஷத்துக்கு இருநூற்று முப்பத்து நான்கு. மூன்றாம் வருஷம் இன்னொரு காலணா, முந்நூற்று ஐம்பத்தொன்று. எல்லாம் சேர்ந்து எழுநூற்றிரண்டு.

"பதினெட்டு ரூபா மிச்சம்கூட வருது" என்றான் சம்பத். அவன் குரலில் சந்தோஷம் இல்லை. "ஆனா அக்கா, இது அவங்க பணம். ஆம்பளைங்களோட இனாம். நானா எடுத்துக் குடுக்க முடியாது."

"அது எனக்குத் தெரியாதா?" என்றாள் ஜெயம்மாள்.

*

மறு வாரம் திங்கட்கிழமை ஆபீசில் பேச்சு நடந்தது. ரம்ஜான் மாதம் என்பதால் பேச்சு மூன்று மணிக்குத் தொடங்கி ஐந்து மணிக்கு முடிந்துவிடும். மற்ற மாதங்களில் முக்தார் சாஹிப் டீ வரவழைப்பார். இப்போது இல்லை. நோன்பில்லாத சம்பத்தும் அவர் முன்னால் தண்ணீர் குடிக்காமல் இருந்தான். அதனாலோ என்னவோ அந்த மாதம் யாரும் யாரோடும் சத்தமாகப் பேசவில்லை.

நயீம் அகமது விஷயத்தைச் சொன்னார். முக்தார் சாஹிப் கேட்டுக்கொண்டிருந்தார். முப்பது வயதுக்காரர், வாஹித் பாஷாவின் மூத்த மகன். நம்பவில்லை என்று காட்டாமல் குமாஸ்தாவை அழைத்துப் பிறை நாட்காட்டியைக் கொண்டுவரச் சொன்னார். தாமாகவே எண்ணினார்.

"வல்லாஹி, எனக்கு இது தோணவே இல்ல, நயீம் பாய். வேணும்னு செஞ்சேன்னு நெனைக்காதீங்க."

"நெனைக்கல சாஹிப். எனக்கே தோணல."

"கண்டுபிடிச்சது யாரு?"

"பட்டைக் கொட்டகை."

முக்தார் சாஹிப் நாட்காட்டியை மூடி வைத்தார். பிறகு சொன்னார்: "உங்க பேச்சுல நியாயம் கீது. ஆனா அடுத்த வாரம் எழுநூத்திருபது ரூபா எடுத்து வைக்கறதுன்னா எங்க வாவா கோவிச்சுக்குவாரு, டேனரி அவருது. லண்டனுக்குப் போன தோல் ரெண்டு மாசமா விக்காம கெடக்குது."

"ஒரேடியா வேணாம் சாஹிப்" என்று சம்பத் காகிதத்தை நகர்த்தினான். "இப்படிப் பிரிச்சிக் குடுத்தா?"

அவர் காகிதத்தைப் படித்தார். நூற்றுப் பதினேழு, இருநூற்று முப்பத்து நான்கு, முந்நூற்று ஐம்பத்தொன்று. பெரிய தொகை கடைசி வருஷத்தில் வருவதை அவர் கவனித்தார். அது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டுல ஒண்ணு" என்றார். "இனாம் வேணும்னா இந்தப் பெருநாளுக்குக் குடுத்துடறேன், எப்படியாவது பொரட்டிடறேன். அப்ப கொட்டகை பட்டியல்ல கெடையாது. கொட்டகை வேணும்னா இந்தக் காகிதத்துல இருக்கறபடி செய்றேன். அப்ப இனாம் கெடையாது. ரெண்டையும் கேக்காதீங்க. போய் உங்க ஆளுங்களக் கேட்டுட்டு வாங்க."

சம்பத் எழுந்திருக்கவில்லை. "கொட்டகைன்னா, அதோட ஒரு வரி சேக்கணும் சாஹிப். எந்தத் தரத்து வேலைய யார் செஞ்சாலும் அந்தத் தரத்துக் கூலிதான்னு."

"எதுக்கு?"

"மேஸ்திரிக்காக."

முக்தார் சாஹிப் முதன்முறையாகச் சிரித்தார். "சரி, எழுதிக்கோ. நான் கணக்குல ஒத்துக்கறேன், வார்த்தையில சண்ட போடமாட்டேன். வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க."

*

டேனரிக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. ஜும்மா தொழுகை முடிந்ததும் ஆட்கள் பாலாற்று மணலில் கூடினார்கள். ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாக ஓடியது. நூற்றுப் பதின்மூன்று பேர் வந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி, கரையில் இருந்த நாணல் பக்கம் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு ஓட்டு இல்லை.

சம்பத் எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னான். அந்தப் பெருநாள் இனாம் அவர்களுக்குச் சேர வேண்டியது என்பதையும் சொன்னான். முதல் தரத்துக்கு எட்டு ரூபாய், இரண்டாம் தரத்துக்கு ஆறு, மூன்றாம் தரத்துக்கு நாலு. ஒரு வாரத்தில் கையில் கிடைக்கும். அல்லது கொட்டகை.

முதலில் எழுந்தவன் ரஷீத் அஹமது. தோல் தூக்குகிறவன், மூன்றாம் தரம். அவனுக்கு நான்கு பிள்ளைகள்.

"நாலு ரூபாய்க்கு நாலு பசங்களுக்கும் துணி எடுத்துருவேன். இது என் பணமா இல்லியா, அத மட்டும் சொல்லு."

"உன் பணம்தான்" என்றான் சம்பத்.

"அப்ப எதுக்கு ஓட்டு? பத்து நாளைக்கு முன்ன இப்படி ஒரு பணம் இருக்கறதே எனக்குத் தெரியாது. இப்ப இருக்குன்னு சொல்லி, அதையே பொம்பளைங்களுக்குக் குடுன்னா எப்படி? சொல்லாமலே இருந்திருக்கலாமே."

பலர் ஆமாம் என்றார்கள். பின்னாலிருந்து ஒருவன், "கொட்டகைக்காரங்க கண்டுபிடிச்சாங்க, அவங்களுக்குக் கண்டுபிடிச்ச கூலி ரெண்டணா குடுத்துடலாம்" என்றான். சிரிப்பு எழுந்தது.

நயீம் அகமது பேசினார். வேலைநிறுத்தத்தின்போது பெண்கள் ஒன்பது நாள் கூலி இழந்ததைச் சொன்னார். சிலர் தலையைக் குனிந்தார்கள். ஆனால் தலையைக் குனிந்தவர்கள் ஓட்டையும் அப்படியே போடுவார்கள் என்று சொல்ல முடியாது. ஜெயம்மாளுக்கு அது தெரிந்தது. ஒன்பது நாளைச் சொல்லிக் கேட்பது அவளுக்குப் பிடிக்கவும் இல்லை. எழுந்து மணலில் நடந்து ஆண்கள் இருந்த இடத்துக்கு வந்தாள். இத்தனை பேர் முன்னால் அவள் பேசியதில்லை. யாரையாவது ஒருவரைப் பார்த்துப் பேசினால் பேசிவிடலாம் என்று ரஷீதைப் பார்த்தாள்.

"ரஷீத் பாய், உன் பணத்த நான் கேக்கல. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நோன்பு மாசத்துல நீங்க மத்தியானமே களைச்சிப் போறீங்க. அப்ப அலசுற வேலைக்கு யாரக் கூப்புட்றாரு மேஸ்திரி?"

"உங்களத்தான்."

"எங்களுக்கு எவ்ளோ?"

"அதே மூணணா."

"உனக்கு இப்ப எட்டு ரூபா. நாளுக்கு அஞ்சணாகிட்ட வருது. டிசம்பர்ல ஒம்போது ரூபா ஆனா அஞ்சரையணா. மூணாவது வருஷம் பத்து ரூபா. நாங்க அப்பவும் மூணணாதான். மேஸ்திரி கணக்குத் தெரியாத ஆளா?"

ஜெயம்மாள் ஓர் அடி முன்னால் வந்து தொடர்ந்தாள்.

"அவரு வந்து, ஜெயம்மா, தோல் தூக்க வான்னா நான் வருவேன். வரமாட்டேன்னு பொய் சொல்லமாட்டேன். எனக்கும் வயிறு கீது. ஒப்பந்தத்துல உன் கூலியக் குறைக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கு. உன் வேலைய எனக்குக் குடுக்கக் கூடாதுன்னு எழுதல. உன் தரம் காகிதத்துல இருக்கும். தோலு என் தலையில இருக்கும்."

"மெரட்றியா?" என்றான் ரஷீத்.

"இல்ல பாய். நடக்கறதச் சொல்றேன். சம்பத்து ஒரு வரி சேத்துகீறான். எந்த வேலைய யார் செஞ்சாலும் அந்த வேலைக் கூலின்னு. அது கொட்டகை உள்ளார வந்தாத்தான் வரும். உன் பசங்க துணி பெருசுதான், நான் இல்லன்னு சொல்லல."

அவள் திரும்பி நாணல் பக்கம் போய் உட்கார்ந்தாள். வஹீதா நகர்ந்து இடம் விட்டாள்.

"நல்லாத்தான் பேசுன" என்றாள் வஹீதா. "வரமாட்டேன்னு சொல்லியிருந்தா நல்லவள்னு பேரு வந்திருக்கும்."

"நம்பியிருக்க மாட்டாங்க."

ஓட்டு எடுத்த விதம் எளிமையானது. இனாம் வேண்டும் என்பவர்கள் தண்ணீர் பக்கம், கொட்டகை வேண்டும் என்பவர்கள் கரைப் பக்கம். ஆட்கள் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு நகர்ந்தார்கள். முதல் தரத்துக்காரர்களில் பாதிக்கு மேல் தண்ணீர் பக்கம் போனார்கள். அவர்களுக்கு எட்டு ரூபாய் போகும், அவர்கள் வேலையைப் பட்டைக் கொட்டகை செய்ய முடியாது. மூன்றாம் தரத்துக்காரர்கள் தயங்கினார்கள். தயங்கியவர்களில் பலர் பிறகு கரைப் பக்கம் வந்தார்கள். ரஷீத் கடைசி வரை நடுவில் நின்றான்.

"சீக்கிரம் போ பாய், நோன்பு திறக்கற நேரம் வந்துரும்" என்று யாரோ சொன்னார்கள்.

அவன் தண்ணீர் பக்கம் போனான்.

எண்ணினார்கள். கரைப் பக்கம் அறுபத்திரண்டு. தண்ணீர் பக்கம் ஐம்பத்தொன்று. சந்தேகம் என்று இன்னொரு முறை எண்ணினார்கள். அதேதான் வந்தது.

கொட்டகைப் பெண்கள் ஆரவாரம் செய்யவில்லை. தோற்ற ஐம்பத்தொரு பேரும் அவர்களைத் தாண்டித்தான் ஊருக்குள் போக வேண்டும். அவர்கள் போகும்வரை பெண்கள் எழுந்து நின்றார்கள். ரஷீத் ஜெயம்மாளைப் பார்க்காமல் போனான்.

*

திங்கட்கிழமை கையெழுத்தானது. ஒரு பிரதி ஆபீசில், ஒரு பிரதி சங்கத்தில், ஒரு பிரதி சென்னையில் இருக்கும் தொழிலாளர் கமிஷனர் ஆபீசுக்கு. பட்டியலில் நான்காம் தரம் என்று ஒரு வரி இருந்தது: பட்டை இடிப்பவர்கள், இருபத்து நான்கு பேர், நாளுக்கு மூன்றேகால் அணா, இரண்டாம் வருஷம் மூன்றரை, மூன்றாம் வருஷம் மூன்றேமுக்கால். பிறகு வேலைக்கும் கூலிக்குமான அந்த வரி. சம்பத் சைக்கிள் கடைக்குப் பின்னால் உட்கார்ந்து இருபத்து நான்கு பேரையும் உறுப்பினர்களாக எழுதினான். அடுத்த பேச்சில் அவர்களுக்கும் ஓட்டு உண்டு.

ரம்ஜான் வந்தது. பல வீடுகளில் அந்த வருஷம் புதுத் துணி இல்லை. பட்டியலில் ஏறிவிட்டதால் பெண்களுக்குப் புடவையும் இல்லை. வஹீதா அதைச் சொல்லிக் காண்பித்துக்கொண்டே இருந்தாள்.

ஒரு வருஷம் போனது. 1938 டிசம்பர் முதல் வியாழக்கிழமை மேஸ்திரி சுந்தரமூர்த்தி கூலியை மூன்றேகால் கணக்கில் கொடுத்தார். ஜெயம்மாள் வாங்கிக்கொள்ளவில்லை. கொட்டகையில் யாருமே வாங்கவில்லை.

"ஒண்ணாந்தேதியிலேருந்து மூணரை, மேஸ்திரி."

"எனக்கு யாரும் சொல்லலியே."

"உங்களுக்குச் சொல்லணும்னு இல்ல. போன வருஷமே எழுதிட்டாங்க. ஆபீசுல போய்ப் பாருங்க."

அவர் போனார். திரும்பி வந்து மூன்றரையாகக் கொடுத்தார். அதில் சண்டை எதுவும் இல்லை. எழுதி வைத்த தேதி வந்தது, கூலி ஏறியது, அவ்வளவுதான். ஜெயம்மாளுக்கு அதுதான் ஆச்சரியமாக இருந்தது. ஏழு வருஷம் கேட்டும் ஏறாதது, இப்போது யாரும் கேட்காமலே ஏறுகிறது.

மறு வாரம் பெரிய சரக்கு ஒன்று வந்து இறங்கியது. தோல் தூக்க ஆள் போதவில்லை. மேஸ்திரி கொட்டகைக்கு வந்தார்.

"நாலு பேரு வாங்கம்மா. தோல் தூக்கணும்."

"வர்றோம்" என்று ஜெயம்மாள் எழுந்தாள். "மூணாந்தரக் கூலி போட்டுடுவீங்கள்ல? ஒம்போதரை ரூபா கணக்கு. நாளுக்கு அஞ்சேமுக்கால் அணாவுக்கு மேல வருது."

மேஸ்திரி அவளைப் பார்த்தார். மனதுக்குள் கணக்குப் போட்டார். ஐந்தேமுக்கால் அணா கொடுப்பதென்றால் தோலைத் தூக்கிப் பழகிய ஆளையே கூப்பிடலாம்.

"நீங்க பட்டையே இடிங்க" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அன்று சம்பளமில்லா விடுப்பில் வீட்டிலிருந்த ரஷீதுக்கும் இன்னும் மூன்று பேருக்கும் ஆள் அனுப்பினார்.

ரஷீத் சாயந்திரம் வரை ஈரத் தோலைச் சுமந்தான். கொட்டகை வழியாகப் போகும்போது தலைச் சுமையோடு நின்றான். போன வருஷம் ஆற்று மணலில் பேசியதற்குப் பிறகு அவன் அவளோடு பேசியதில்லை.

"ஜெயம்மா."

"இன்னா பாய்?"

"வீட்ல நிம்மதியா தூங்கினு இருந்தேன். உன்னாலதான் வந்து மாட்டினேன்."

"அஞ்சேமுக்கால் அணா வேணாம்னா சொல்லு, நான் தூக்கறேன்."

"வேணாம், வேணாம்" என்று சொல்லி, தோலைச் சரிசெய்துகொண்டு அவன் குழிப் பக்கம் நடந்தான்.